புதுப்பிப்பு: மல்லிகைப்பூ ஆப், "40% பேர் தங்குகிறார்கள்" கணக்கு

முன்பு கேட்டது: "பூ விற்கும் என் ஆப்பின் திட்ட அறிக்கையில் 40% வாடிக்கையாளர்கள் விலகாமல் தங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். முதலீட்டாளர் நம்ப எந்த ஆதாரம் வேண்டும்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒரு அண்ணன், சேர்ந்த மாதப்படி ஆட்களைப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் தனியாகத் தொடரச் சொன்னார். மொத்த எண்ணிக்கையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், விலகியவர்களை மறைத்துவிடுவார்களாம். இன்னொருவர் மாதப்படி பிரிப்பதை ஒப்புக்கொண்டு, ஆப்பைத் திறந்தாலே கணக்கில் சேர்க்கலாம் என்றார். நான் பூ வாங்கியவர்களை மட்டும் எடுத்தேன். விலை பார்த்துவிட்டுப் போகிறவரால் வருமானம் இல்லை.

ஜனவரியில் சேர்ந்த 200 பேரில் ஏப்ரலில் வாங்கியது 64 பேர், அதாவது 32%. சித்திரைத் திருவிழாவை ஒட்டி ஏப்ரலில் சேர்ந்த 500 பேரில் ஜூலையில் 60 பேர்தான், 12%. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால்தான் சரிவு என்று முதலில் தோன்றும். அதே ஜூலையில் ஜனவரிக் கூட்டத்தில் 58 பேர் வாங்கியிருக்கிறார்கள். ஆகவே ஆடியை மட்டும் காரணம் சொல்ல முடியாது. திருவிழாத் தள்ளுபடிக்கு வந்தவர்கள் வேறு ரகம். அண்ணன் இதற்கும் ஒரு தடை சொன்னார்: ஜனவரிக் கூட்டத்தில் போகிறவர்கள் முன்பே போய்விட்டார்கள், மிஞ்சியவர்களோடு ஒப்பிடுவது முழுச் சரியில்லை. அது இன்னும் தீரவில்லை.

 

அறிக்கையில் 40% போய்விட்டது. இரண்டு கூட்டங்களும் தனித்தனி வரிசையாக நிற்கின்றன. மூன்று மாதம் முடியாத ஜூன் கூட்டத்தின் கட்டத்தைப் பூஜ்யம் போடாமல் காலியாக விட்டிருக்கிறேன்.