முதல் வீடியோ: போனிலேயே முடிப்பதா, லேப்டாப்புக்கு மாறுவதா?

திருவல்லிக்கேணியில் 40 வருடம் சைக்கிள் கடை நடத்திய அப்பாவின் பேட்டியை 12 நிமிட வீடியோவாகத் தொகுக்கிறேன். இதுவே என் முதல் முயற்சி. அடுத்த மாதம் கடையை மூடும் நாளன்று திரையிட வேண்டும்.

படம் என் ஆண்ட்ராய்டு போனில் எடுத்தது. குரல் இன்னொரு போனில், காலர் மைக்கில். முதலில் போனில் உள்ள இலவச செயலியில் தொகுத்தேன். தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்துகின்றன. எட்டாவது நிமிடத்தில் குரல் அரை நொடி விலகிவிடுகிறது. துண்டு துண்டாக வெட்டி நகர்த்திப் பார்த்தேன். விரல் நுனியால் அவ்வளவு நுணுக்கமாக நகர்த்த முடியவில்லை.

பிறகு லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு. 8 ஜிபி ரேம்தான், படம் திக்கித் திக்கி ஓடியது. பிராக்ஸி எனப்படும் எடை குறைந்த நகல் கோப்புகள் உருவாக்கியதும் சீராக ஓடுகிறது, ஆனால் குரல் விலகல் அப்படியே இருக்கிறது. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் பார்த்தால் Frame rate mode: Variable, அதாவது பிரேம் வேகம் ஒரே சீராக இல்லை. வெளிச்சம் குறைந்த கடைக்குள் போன் நொடிக்கு 30 பிரேமிலிருந்து 24க்கு இறங்கியிருக்கிறது.

வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் Constant Framerate, 30 என வைத்து ஒரு கோப்பை மட்டும் மாற்றினேன். அதில் குரல் கடைசிவரை பொருந்தியது. மொத்தம் 14 கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம் ஆகிறது.

எல்லாவற்றையும் இப்படி மாற்றி லேப்டாப்பிலேயே தொடர்வதா, மாற்றிய கோப்புகளைப் பழகிய போன் செயலிக்கே கொண்டுபோவதா?