எழுத்தை நீக்கி நேர்காணலை வெட்டுதல்: உங்கள் அனுபவம் என்ன?

வெட்டுமேசை:
ஒன்றரை மணி நேர நேர்காணல் ஒன்றைக் காணொளி வெட்டும் மென்பொருளில் பேச்சின் உரைவடிவத்தை வைத்தே 12 நிமிடமாகக் குறைத்தேன். முதல் வெட்டுக்கு டைம்லைனைத் தொடவே இல்லை. Text பலகையில் உரையைப் படித்து, வேண்டாத பத்திகளைத் தேர்ந்தெடுத்து Extract கொடுத்தால், காட்சியும் ஒலியும் நீங்கி இடைவெளியும் மூடிக்கொள்ளும். Lift கொடுத்தால் இடைவெளி அப்படியே நிற்கும். முழுப் பத்திகளை நீக்கும்வரை இதற்கு இணையான வழி எனக்குத் தெரியவில்லை. வாக்கியத்தின் நடுவே வெட்டத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது.

பேசியவர், "மூணு வருஷம் அங்கேயே இருந்தேன், ஆனா மனசு ஒட்டவே இல்ல" என்று சொல்லியிருந்தார். பின்பாதியை வேறோர் இடத்திலும் அவர் சொல்லியிருந்ததால், இங்கே "இருந்தேன்" என்பதோடு நிறுத்தினேன். எழுத்தில் அது முற்றுப்பெற்ற வாக்கியம். கேட்டுப் பார்த்தால், கடைசி அசையில் குரல் மேலேறி, பேச்சு பாதியில் அறுந்ததுபோல் ஒலித்தது. பின்பாதியை இங்கேயே திரும்பச் சேர்த்துவிட்டு, அது மறுபடி வந்த இடத்தை நீக்கியதும் சரியாயிற்று. குரல் எங்கே இறங்குகிறது என்பதை உரை காட்டுவதில்லை என்பதால், இப்போதெல்லாம் ஒவ்வொரு வெட்டையும் அதற்கு முன்னும் பின்னும் சில விநாடிகள் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். மற்றவர்கள் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

நிழல்பதிவு:
நான் முதலில் மௌனங்களை எல்லாம் மொத்தமாக நீக்கிவிடுவேன். உரையில் அவை [...] என்று தெரியும், வடிகட்டித் தேர்ந்தெடுத்தால் ஒரே அழுத்தில் போய்விடும். நீளம் கணிசமாகக் குறைவதோடு, உரையும் படிக்க எளிதாகிறது. நேர்காணலில் மௌனத்தால் யாருக்கும் பயனில்லை என்பது என் கருத்து.

மூன்றாம்வரி:
என்னிடம் வேறொருவர் தயாரித்துக் கொடுத்த SRT கோப்பு இருக்கிறது. அதில் வேண்டாத வரிகளை அழித்துவிட்டுக் காணொளியோடு இணைத்தேன். துணைத்தலைப்பு மட்டும் மறைந்தது, காணொளி அப்படியே இருக்கிறது. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

ஒலித்தடம்:
மூன்றாம்வரி அவர்களே, அமைப்பில் எதையும் மாற்றத் தேவையில்லை. SRT கோப்பு எந்த வரி எப்போது திரையில் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும், வரியை அழித்தால் காணொளி வெட்டப்படாது. அதில் ஒவ்வொரு வரிக்கும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் மட்டுமே உண்டு, சொல்லுக்குச் சொல் நேரம் கிடையாது. உங்கள் மென்பொருளிலேயே ஒலியிலிருந்து உரையை உருவாக்கினால்தான் ஒவ்வொரு சொல்லும் காட்சியோடு பிணைக்கப்படும்.

நிழல்பதிவு அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தடுமாற்றத்தால் விழுந்த மௌனம் போகலாம். கடினமான கேள்விக்குப் பிறகு மூன்று விநாடி யோசித்துப் பதில் சொன்னவரின் மௌனத்தை எடுத்துவிட்டால், அவர் தயங்காமல் பதில் சொன்னார் என்றே பார்ப்பவர் எண்ணுவார். அது பேசியவருக்கு நியாயமில்லை. "பணத்துக்காக வேலைய விடல, அதாவது அதுவும் ஒரு காரணந்தான்" என்பதில் பின்பகுதியை நீக்குவதும் இதே தவறுதான், அதுவும் எழுத்தில் ஒரு சொடுக்கில் முடிந்துவிடுகிறது என்பதே என் கவலை.

வெட்டுமேசை அவர்கள் குரலேற்றத்தைச் சொன்னார். சொல்லின் விளிம்பையும் பார்க்க வேண்டும். சொல் முடிந்ததாக மென்பொருள் கணிக்கும் இடம் சற்று முன்னதாக அமைந்தால், "இருந்தேன்" என்பதில் இறுதி மெய் தேய்ந்துவிடும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காணொளியில் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. இரண்டு மூன்று ஃபிரேம் நீட்டி, இணைப்பில் மிகக் குறுகிய கிராஸ்ஃபேட் வைத்தால் போதும். அறையின் ஓசை வெட்டுக்கு வெட்டு மாறினால், யாரும் பேசாதபோது பதிவான ஓசையை அடியில் ஓடவிடுங்கள்.

கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே மைக்கில் பதிவாகியிருந்தால் இன்னும் கவனம் தேவை. கேட்பவர் நடுவில் சொல்லும் "ம்" என்பதை உரையில் அழித்தால், அதே கணத்தில் ஒலித்த விருந்தினரின் சொல்லும் சேர்ந்தே போய்விடும். தனித்தனித் தடம் இருந்தால், உரையைத் தொடாமல் கேட்பவரின் தடத்தில் மட்டும் அந்த இடத்தை ஒலியடக்கலாம்.

கைவினைக்காட்சி:
என் நேர்காணல்களில் பேசுபவர் தம் வேலையைச் செய்துகாட்டிக்கொண்டே பேசுவார். மௌனங்களை மொத்தமாக நீக்கியபோது செய்முறையே காணாமல் போனது, ஏனெனில் கை வேலை செய்யும் நேரத்தில் வாய் பேசுவதில்லை. ஆகவே அப்பகுதிகளை முன்கூட்டியே தனி சீக்வென்ஸுக்கு மாற்றி டைம்லைனிலேயே வெட்டுகிறேன்.

வெட்டுமேசை:
ஒலித்தடம் அவர்களுக்கு நன்றி, விளிம்பை நீட்டிப் பார்த்தேன், தெளிவாகிவிட்டது. பேச்சுவழக்கும் பிறமொழிச் சொற்களும் கலந்து வரும் இடங்களில் உரை பெரிதும் பிழையாக வருகிறது. பிழையை முழுவதும் திருத்திவிட்டு வெட்டுவதா, பத்தியளவில் வெட்டிவிட்டு மிஞ்சியதை மட்டும் திருத்துவதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. இரண்டாவது வழியில் நேரம் மிச்சமாகிறது, ஆனால் தவறாகப் பதிவான நல்ல வரியொன்று படிக்கும்போதே கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

ஒலித்தடம்:
நான் ஒருமுறை முழு நேர்காணலையும் உரையோடு சேர்த்துக் கேட்டு, பெயர்களையும் எண்களையும் மட்டும் திருத்திய பிறகே வெட்டத் தொடங்குகிறேன். ஒன்றரை மணி நேரம் அதற்கே போகும். அவசர வேலைக்கு அது ஒத்துவராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.