தகைவுச் செறிவா, தகைவுக் குவிவா?

தஞ்சாவூர், பாலிடெக்னிக் ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். இழுவையில் இருக்கும் தகட்டில் வட்டத் துளை போட்டால், துளையின் ஓரத்தில் தகைவு எகிறிவிடுகிறது. இதை இதுவரை ‘தகைவுச் செறிவு’ என்றே எழுதிவந்தேன். போன வாரம் ஒரு மாணவன், "செறிவு என்பது உப்புக் கரைசலுக்குச் சொல்வதுதானே மேடம், தகடு முழுக்கவா ஏறியிருக்கும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இது ஓரிடத்தில் மட்டும் ஏறுவது. ‘தகைவுக் குவிவு’ என்று சொல்லலாமா? கூடவே வரும் எண்ணைக் ‘காரணி’ என்னாமல் ‘மடங்கு’ என்று சொல்லவும் ஆசை. இத்தனை மடங்கு என்று காதில் விழுந்ததுமே அது புரிந்துவிடும்.

திருவாரூர், தமிழாசிரியர்

அம்மா, குவிவு என்றால் பிள்ளைகளுக்குக் குவிலென்சுதான் நினைவுக்கு வரும். நம் பக்கத்தில் மதகு வாயில் தண்ணீர் ‘நெருக்குது’ என்போம். பரந்து வந்த ஓட்டம் இடம் சுருங்கியதும் ஒன்றோடொன்று முட்டி விரைகிறது. ‘தகைவு நெருக்கம்’ என்று வைத்தால் என்ன?

கும்பகோணம், ஓய்வுபெற்ற பொறியாளர்

ஐயா, உவமை அழகு. விசை துளையைச் சுற்றிக்கொண்டு போவதை அது நன்றாகக் காட்டுகிறது. ஆனால் கணக்கு அங்கே நிற்காது. ஆற்றில் நிற்கும் உருண்டைத் தூணின் பக்கவாட்டில், உராய்வில்லை என்று வைத்தால், ஓட்டம் 2 மடங்கு வேகம்தான் எடுக்கும். மிக அகலமான தகட்டில் துளையின் பக்கவாட்டில் தகைவு 3 மடங்கு ஆகும். 1898-இல் ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் கண்டது இது. துளை சிறியதா பெரியதா என்பது அந்த 3-ஐ மாற்றாது. இன்னொன்று: இழுக்கும் திசையிலேயே துளையின் முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளில் இழுவையே இல்லை, அங்கே நாம் இழுக்கும் தகைவின் ஒரு மடங்கு அளவுக்கு அமுக்கம். தண்ணீர் உவமையில் அதற்கு இடமில்லை.

அம்மா சொன்ன ‘ஓரிடத்தில்’ என்பதுதான் முக்கியம். துளையின் நடுவிலிருந்து பக்கவாட்டில் இரண்டு ஆரம் தள்ளிப் போனால் அந்த 3 மடங்கு 1.22 ஆகிவிடும். மூன்று ஆரத்தில் 1.07. அவ்வளவு சீக்கிரம் அடங்குவதைக் ‘குவிவு’ காட்டுகிறது. என் ஓட்டு அதற்கே.

திருச்சி, மாணவர்

சார், நான் போட்ட கணக்கு. 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் பட்டை, நடுவில் 10 மி.மீ. துளை, இழுவை 12 கிலோ நியூட்டன். துளை போக மீதி அகலம் 40, பரப்பு 240 சதுர மி.மீ., தகைவு 50 மெகாபாஸ்கல். அதை 3-ஆல் பெருக்கினால் 150. சரியா?

கும்பகோணம், ஓய்வுபெற்ற பொறியாளர்

50 சரி, 150 சரியில்லை தம்பி. அந்த 3, துளையைக் கழிக்காத முழு அகலத் தகைவின் மடங்கு, அதுவும் மிக அகலமான தகட்டுக்கு. நீங்கள் துளையைக் கழித்துவிட்டு அதே 3-ஐப் பெருக்கியதால், துளை பறித்த அகலத்தை இரண்டு தரம் எண்ணிவிட்டீர்கள். மீதி அகலத்துக்கான மடங்குக்கு இந்தத் தோராயச் சூத்திரம் போதும்:

```
K = 2 + (1 - d/W)^3
```

d துளையின் விட்டம், W பட்டையின் முழு அகலம். d/W = 0.2. K ஏறத்தாழ 2.51 வரும். 50 × 2.51 = 126 மெகாபாஸ்கல். முழு அகலத் தகைவான 40-இலிருந்து தொடங்கினால் மடங்கு 3.14, அதிலும் 126-தான். ஆகவே ‘மடங்கு’ என்று பெயர் வைத்தால், எதன் மடங்கு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

மன்னார்குடி, பட்டறை வைத்திருப்பவர்

அண்ணே, என் பட்டறைக்கு வந்த டிரெய்லர் பட்டையும் 50-க்கு 6 அளவுதான். அறுவடை முடிஞ்சதும் அறுந்துபோய்க் கொண்டுவந்தாங்க. துளையின் ரெண்டு பக்கவாட்டிலிருந்தும் குறுக்கே விரிசல். இதுவும் 126-தானா? மெல்லிரும்பு 250 வரை தாங்குமே, எப்படி அறுந்தது?

கும்பகோணம், ஓய்வுபெற்ற பொறியாளர்

ஒரே தடவை இழுத்திருந்தால் அறுந்திருக்காது. 250-ஐத் தொட்டாலும் அந்த ஓரம் கொஞ்சம் இளகி, பாரத்தைப் பக்கத்து இரும்புக்குத் தள்ளிவிடும். பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கி ஆயிரக்கணக்கான முறை இழுபடும்போதுதான் அந்த ஓரம் அயர்ந்து விரிகிறது. அறுந்த முகத்தைப் பாருங்கள். துளைப் பக்கம் வழவழப்பாகவும், கடைசியில் அறுந்த இடம் சொரசொரப்பாகவும் இருந்தால் அதுதான் காரணம். துளை டிரில்லில் போட்டதா, கேஸில் வெட்டியதா? வெட்டிய விளிம்பில் உள்ள ஒவ்வொரு பல்லும் தனியாக ஒரு குவிவு.

ஆனால் ஒன்று கேட்கணும். அந்தத் துளைக்குள் ஒரு இரும்புப் பின்னைச் செருகி அதைப் பிடித்துத்தான் இழுக்கிறீர்களா?

மன்னார்குடி, பட்டறை வைத்திருப்பவர்

ஆமாண்ணே, பின் அதுலதான். கேஸ் வெட்டு.

கும்பகோணம், ஓய்வுபெற்ற பொறியாளர்

அப்படியானால் 126 உங்களுக்குப் பொருந்தாது. அது சும்மா இருக்கும் துளைக்கானது. பின் அழுத்தும் துளையில் மடங்கு வேறு, இதைவிட அதிகம்.

தஞ்சாவூர், பாலிடெக்னிக் ஆசிரியை

குறிப்பில் இப்போதைக்கு ‘முழு அகலக் குவிவு மடங்கு’, ‘மீதி அகலக் குவிவு மடங்கு’ என்று இரண்டாக எழுதிவிட்டேன். தம்பியின் கணக்கை இரண்டு வழியிலும் போட்டுக் காட்டியிருக்கிறேன். பின் துளைக்குத் தனிப் பெயர் வேண்டுமா?

திருவாரூர், தமிழாசிரியர்

மடங்கு சரி. குவிவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை அம்மா. நாளை என் பத்தாம் வகுப்பில் மூன்று சொல்லையும் பலகையில் எழுதிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.