அணியின் அடுக்குகள் சுருங்கும் முன் எவ்வளவு ஏறும்? உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மேலூரில் பி.எஸ்சி. கணித மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஐகென் மதிப்புகளின் மட்டுமதிப்புகளில் மிகப் பெரியதுதான் நிறமாலை ஆரம். அது 1-ஐ விடக் குறைவாக இருந்தால், அப்போது மட்டுமே, Aᵏ பூச்சியத்தை நோக்கிப் போகும். இதில் ஐயமில்லை. போகும் வழிதான் மாணவர்களை மிரட்டுகிறது.

இந்த அணியைப் பாருங்கள்:

```
A = | 0.9  10  |
    | 0    0.9 |
```

நிறமாலை ஆரம் 0.9. ஆனால் Aᵏ-இன் வலது மேல் உறுப்பு 10·k·0.9ᵏ⁻¹. பத்தில் தொடங்கும் அது, k = 9, 10 இரண்டிலும் ஏறத்தாழ 38.7 வரை ஏறிவிடுகிறது. பிறகுதான் இறக்கம்; k = 100-இல் 0.03 அளவுக்கு வந்துவிடும். முதல் நான்கைந்து அடுக்குகளை மட்டும் பெருக்கிப் பார்க்கும் மாணவர், இது வெடிக்கிறது என்றே எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏற்றத்துக்கு ஒரு வரம்பு காண D = diag(1, 0.005) எடுத்தேன். D⁻¹AD-இன் வலது மேல் உறுப்பு 0.05 ஆகிறது, அதிகபட்ச நிரைக் கூடுதல் 0.95. ஆகவே Aᵏ-இன் நிரைக் கூடுதல் 200·0.95ᵏ-ஐத் தாண்டாது. சுருங்கும் என்பதற்கு இதுவே அழகான நிரூபணம். ஆனால் k = 10-இல் இந்த வரம்பு ஏறத்தாழ 120; உண்மையில் இருப்பதோ 39 தான்.

D-ஐ எப்படித் தேர்ந்தெடுத்தால் வரம்பு நெருங்கி வரும்? 3×3 அணிக்கும் கையால் போடக்கூடிய வழி தெரிந்தவர்கள் படிகளுடன் எழுதுங்கள்.