ராகி மாவுக் கோடு தரையில் கிடக்கிறது: லாக் அச்சா, இண்டெக்ஸா?

ஹலசூர் மாவுக்கடை
பெங்களூரில் மாவு பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். இட்லி மாவு ஜனவரியில் 12,000 பாக்கெட், டிசம்பரில் 15,000. ராகி மாவு 150-லிருந்து 600. ஒரே படத்தில் போட்டால் ராகிக் கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. பார்ட்னருக்குக் காட்ட வேண்டும். லாக் அச்சு போடுவதா, ஜனவரியை 100 என்று வைத்து இண்டெக்ஸ் போடுவதா?

ஜெயநகர் டேட்டா
இண்டெக்ஸ்தான், யோசிக்கவே வேண்டாம். ராகி 400, இட்லி 125. பார்த்ததும் புரியும். 2020-ல் கொரோனா கணக்கை லாக் அச்சில் போட்டார்கள். எங்கள் அப்பா அதைப் பார்த்து "கோடு படுத்துடுச்சு, நோய் போயிடுச்சு" என்றார். அன்றைக்கு எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

கணக்கப்பிள்ளை
ஹலசூர் அண்ணா, ஜனவரியில் ராகி எத்தனை கடையில் இருந்தது? மார்ச், செப்டம்பர் எண்களும் சொல்லுங்கள்.

ஹலசூர் மாவுக்கடை
ஜனவரியில் இரண்டே கடை சார், அப்போதுதான் ஆரம்பித்தோம். மார்ச்சில் ராகி 300, இட்லி அதே 12,000. செப்டம்பரில் ராகி 500, இட்லி 12,500.

கணக்கப்பிள்ளை
நினைத்தேன். மார்ச்சை 100 என்று வைத்துப் பாருங்கள். டிசம்பரில் இட்லி அதே 125, ராகி மட்டும் 400-லிருந்து 200-க்கு இறங்கிவிடும். விற்றது மாறவில்லை, தொடங்கிய மாதம்தான் மாறியது. இரண்டே கடையில் இருந்த மாதத்தை அடிப்படையாக வைத்தால் அந்தக் குறை கோடு முழுக்கப் பெருகிக்கொண்டே வரும்.

இன்னொன்று பலர் கண்ணில் படாது. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ராகி 500-லிருந்து 600, இட்லி 12,500-லிருந்து 15,000. இரண்டுமே 20 சதவீதம். ஆனால் ஜனவரி இண்டெக்ஸில் ராகி 333-லிருந்து 400-க்கு 67 புள்ளி ஏறும், இட்லி 104-லிருந்து 125-க்கு 21 புள்ளிதான். ராகி மூன்று மடங்கு வேகமாக ஓடுவதுபோல் தெரியும். லாக் அச்சில் ஒரே மடங்கு எங்கே ஏறினாலும் ஒரே உயரம், அதனால் அந்த இரண்டு துண்டும் இணைகோடுகளாக நிற்கும். அங்கே அடிப்படை மாதத்தை மாற்றினாலும் கோடு மேலே கீழே நகருமே தவிர, சாய்வு மாறாது.

ஜெயநகர் டேட்டா
சரி, அந்த 67 புள்ளி விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் லாக்கில் இட்லிக் கோடு மேலே ஒரு மூலையில் படுத்திருக்கும், ராகி கீழே. நடுவில் வெறும் வெளி. என்னத்தை ஒப்பிடுவது?

கணக்கப்பிள்ளை
அதனால்தான் நான் இரண்டையும் சேர்த்துப் போடுவேன். இண்டெக்ஸ் எண்களை எடுத்து, அவற்றின் அச்சை லாக் ஆக்குங்கள். இரண்டு கோடும் ஒரே புள்ளியில் தொடங்கும், சாய்வும் பொய் சொல்லாது. எக்செலில் `Logarithmic scale` டிக் செய்துவிட்டு `Base` பெட்டியில் 10-ஐ எடுத்து 2 போடுங்கள். ஒவ்வொரு குறுக்குக் கோடும் ஒரு இரட்டிப்பு. 'ராகி இரண்டு கோடு ஏறியது, அதாவது இரண்டு முறை இரட்டித்தது' என்று பார்ட்னரிடம் வாயால் சொல்லிவிடலாம்.

சிவாஜிநகர் பங்குச்சந்தை
எனக்கும் இதே தலைவலி. என் பங்கு 240 ரூபாய், சென்செக்ஸ் பல்லாயிரம். சென்செக்ஸை எதால் வகுக்க வேண்டும்?

கணக்கப்பிள்ளை
சென்செக்ஸே 1978-79-ஐ 100 என்று வைத்த இண்டெக்ஸ்தான் தம்பி. நீங்கள் பங்கு வாங்கிய நாளில் இரண்டையும் 100 ஆக்குங்கள், போதும்.

ஹலசூர் மாவுக்கடை
சார், ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜூலையில் நல்ல ராகி கிடைக்காமல் ஒரு பாக்கெட்கூடப் போடவில்லை. லாக் போட்டால் எக்செல் எச்சரிக்கிறது.

ஜெயநகர் டேட்டா
0 இருக்கும் இடத்தில் 1 போடுங்கள். எல்லோரும் செய்வதுதான்.

கணக்கப்பிள்ளை
செய்கிறார்கள், அதனால்தான் படம் கெடுகிறது. 300 பக்கத்திலிருந்து 1-க்கு விழுந்தால் எட்டு இரட்டிப்புக் கோடு கீழே. வருடம் முழுக்க ஏறியதே இரண்டு கோடு. மொத்தப் படமும் அந்தக் குழியாகிவிடும். 1-க்குப் பதில் 10 போட்டால் குழியின் ஆழம் வேறு. நீங்களே தோண்டிய குழி அது. ஜூலையில் கோட்டை அறுத்துவிட்டு 'உற்பத்தி இல்லை' என்று அங்கேயே எழுதுங்கள்.

ஜெயநகர் டேட்டா
வருடத்தின் மோசமான மாதத்தை வெற்றிடமாக்குவது நேர்மையா? சாதாரண அச்சில் இண்டெக்ஸ் போட்டால் 0 என்று பச்சையாகத் தெரியும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

மல்லேஸ்வரம் மாமி
பார்ட்னர் எதுக்குப் படம் கேட்கிறார்?

ஹலசூர் மாவுக்கடை
புது கிரைண்டர் எதுக்கு வாங்குவது என்று முடிவு பண்ண, மாமி.

மல்லேஸ்வரம் மாமி
அப்போ இரண்டு படமும் வேண்டாம்பா. ராகி கூடினது 450 பாக்கெட், இட்லி கூடினது 3,000. கிரைண்டருக்குச் சதவீதம் தெரியாது, பாக்கெட்தான் தெரியும்.

ஹலசூர் மாவுக்கடை
பார்ட்னர் ராகிக்குத்தான் வாங்கணும்னு நிற்கிறார் மாமி. ஜனவரி இண்டெக்ஸ் படத்தை நேற்றே அனுப்பிவிட்டேன்.