பழைய தீர்மானப் புத்தகம்: ஸ்கேன் நகலுக்குச் சான்று பெற வழி தேவை

ராயபுரத்தில் எங்கள் சங்கத்தின் 1968-ஆம் ஆண்டுத் தீர்மானப் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும் என்று வங்கி கேட்கிறது. சங்கக் கட்டடம் அந்தத் தீர்மானத்தின்படிதான் வாங்கப்பட்டது. இதே நகலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும்.

சிக்கல் தையலில் இருக்கிறது. கெட்டி அட்டை போட்டு இறுக்கித் தைத்த புத்தகம். தலைவரின் கையெழுத்து சரியாக உள்மடிப்பில் விழுந்திருக்கிறது. எங்களிடம் இருப்பது மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனர். தாள் கண்ணாடியை ஒட்டிப் படியாத இடமெல்லாம் மங்கிவிடுகிறது. கையெழுத்தின் பாதி நிழலாகத்தான் வருகிறது. புத்தகத்தை அழுத்திப் பார்த்தோம், நூல் விடத் தொடங்கியதும் நிறுத்திவிட்டோம். 300-லிருந்து 600 டிபிஐக்கு உயர்த்தியும் பயனில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெளிறிய நீல மை மறைந்துபோகிறது. வண்ணத்தில் எடுத்து, தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தபோது மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது நன்றாகக் குறைந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

நோட்டரி அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்து தெளிவாக இல்லாத நகலில் முத்திரையிட மறுத்துவிட்டார். அவர் சொல்வது நியாயமே. தையலைப் பிரித்தால் தாள் செருகப்பட்டதாகச் சந்தேகம் வரும் என்று செயலாளர் அஞ்சுகிறார். எனக்கும் அதே அச்சம்.

புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து, மேலிருந்து கேமராவில் எடுத்த வண்ணப் படத்தை அச்சிட்டு, நோட்டரி சான்றோடு வங்கியிலோ பதிவாளரிடமோ கொடுத்து ஏற்கச் செய்தவர்கள் வடசென்னையில் யாராவது இருக்கிறீர்களா?