சளி போய்விட்டது, இருமல் விடவில்லை: மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

சளியும் காய்ச்சலும் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டன. வறட்டு இருமல் மட்டும் 3 வாரம் தாண்டியும் நிற்கவில்லை. படுத்தாலும் சிரித்தாலும் குளிர்காற்று பட்டாலும் தொடங்கிவிடுகிறது, தூக்கமே போச்சு.

ரத்தம் வரவில்லை, மூச்சுத் திணறல் இல்லை, எடை குறையவில்லை. காய்ச்சலும் திரும்ப வரவில்லை. புகைப்பழக்கம் கிடையாது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இருமலைத் தருமாம், நான் எதுவும் எடுக்கவில்லை. தேன், ஆவி பிடித்தல், உயரமான தலையணை, இருமல் மருந்து எல்லாம் பார்த்தாயிற்று.

வைரஸ் தொற்றுக்குப் பின் மூச்சுக்குழாய் எளிதில் எரிச்சலடைவதால் இருமல் 8 வாரம் வரைகூட நீடிக்கலாம் என்று படித்தேன். அதனால்தான் பொறுத்திருந்தேன். ஆனால் சமீபமாக இரவில் மூச்சு விடும்போது லேசாக விசில் சத்தம் கேட்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

இந்தச் சத்தத்துக்காக இப்போதே மருத்துவரிடம் போக வேண்டுமா, இன்னும் சில வாரம் பொறுக்கலாமா?